மூன்றரை மணி நேரம் எப்படி இருபத்தாறு ஆனது?

திங்கட்கிழமை காலை பத்து மணி. சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் மொபைல் ஆப் ஒன்றைத் தயாரிக்கும் குழு, அடுத்த இரண்டு வார வேலையைத் திட்டமிட உட்கார்ந்திருக்கிறது. ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள். திரையில் முதல் வேலை: நான்கு பேருக்குச் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் ஒருவர் வரவில்லை என்றால், அவர் சீட்டை மட்டும் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும் வசதி.

"கோடிங் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். டெஸ்டிங்குக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார் குழுத்தலைவர்.

டெஸ்டர் மனக்கணக்குப் போடுகிறார். இருபது டெஸ்ட் கேஸ் வரும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். "மூணரை மணி நேரம் ஆகும் சார்."

எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேலை பட்டியலில் ஏறுகிறது. இரண்டாவது வார வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அதே டெஸ்டர் இன்னும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தக் குழு கற்பனை. ஆனால் கணக்கு தப்பும் விதம் கற்பனை இல்லை. மென்பொருள் சோதனையில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகியதுதான். ஒரு மாதத்துக்கு மேற்படாத, பெரும்பாலும் இரண்டு வாரமாக இருக்கும் வேலைச் சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அதன் முடிவில் புதிய வசதிகள் சோதித்து முடிக்கப்பட்டுத் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு எத்தனை மணி நேரம் என்று முதல் நாளே சொல்வதுதான் எஸ்டிமேஷன். மேலே சொன்ன டெஸ்டர் பெருக்கலில் தவறு செய்யவில்லை. பெருக்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அவர் கணக்கில் வரவே இல்லை.

இருபது கேஸ் எங்கிருந்து வந்தது?

அவர் எண்ணிய இருபது சரியான எண்தான். அது எப்படி வந்தது என்று பார்த்தால் மீதிக் கதை புரியும்.

பணம் திரும்பும் தொகையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எத்தனை சீட் ரத்தாகிறது: ஒன்றா, மூன்றா, நான்குமா. எப்படிப் பணம் கட்டினார்கள்: யுபிஐ, கார்டு, ஆப்பின் வாலட். பஸ் கிளம்ப எவ்வளவு நேரம் இருக்கிறது: 24 மணி நேரத்துக்கு மேல், 24-க்கும் 12-க்கும் இடையில், 12-க்குக் கீழ். கடைசியாக, தள்ளுபடிக் கூப்பன் உண்டா, இல்லையா. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்தால் 3 × 3 × 3 × 2, அதாவது 54 கேஸ்.

ஐம்பத்து நான்கையும் ஓட்ட யாருக்கும் நேரமில்லை. அதனால் டெஸ்டர்கள் ஜோடி முறையைப் பயன்படுத்துவார்கள். எந்த இரண்டு விஷயங்களை எடுத்தாலும் அவற்றின் ஒவ்வொரு ஜோடியும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்று வரிசைகளை அமைப்பது இது. யுபிஐயும் கூப்பனும் சேர்ந்து ஒருமுறை, மூன்று சீட்டும் கடைசி நேர ரத்தும் சேர்ந்து ஒருமுறை என்று அடுக்கினால் ஒன்பது வரிசையில் வேலை முடிந்துவிடும். அதோடு விளிம்புகள்: 24 மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் முன், சரியாக 24, ஒரு நிமிடம் பின்; 12-க்கும் அப்படியே மூன்று. ஆக ஆறு. ரத்துப் பொத்தானை இரண்டு முறை தட்டுவது, பணம் திரும்பும்போது நெட் போவது, பஸ் கிளம்பிய பிறகு ரத்து கேட்பது போன்ற வம்புகள் ஐந்து. மொத்தம் இருபது.

இதை எழுதி முடிக்கும்போதே ஒரு கேள்வி முளைத்துவிடும். சரியாக 24 மணி நேரம் இருந்தால் எந்தக் கட்டணம்? பத்து சதவீதமா, இருபத்தைந்தா? வேலைக் குறிப்பில் அது இருக்காது. கேட்டு, பதில் வாங்கி, குறிப்பைத் திருத்த வேண்டும். கேஸ்களை யோசித்து எழுதுவதற்கு நான்கு மணி நேரம் ஆகும் என்பது இதையெல்லாம் சேர்த்துத்தான். "பத்து நிமிடம் × இருபது" என்ற கணக்கில் இந்த நான்கு மணி நேரம் இல்லை.

சமைப்பதற்கு முன் காய் நறுக்கும் நேரம்

அடுத்து, அந்தப் பத்து நிமிடம். ரத்துப் பொத்தானை அழுத்தி, திரையையும் பணத்தையும் சரிபார்க்கப் பத்து நிமிடம் என்பது உண்மை. ஆனால் ரத்து செய்ய முதலில் ஒரு டிக்கெட் வேண்டும். நான்கு சீட் பதிவு செய்து, சோதனைக்கான பேமென்ட் கேட்வேயில் பணம் கட்டி, கூப்பன் போட்டு, பஸ் கிளம்பும் நேரத்தை டேட்டாபேஸில் போய் "இன்னும் 23 மணி 59 நிமிடம்" என்று மாற்றி வைக்க வேண்டும். ஒருமுறை ரத்து செய்த டிக்கெட் அடுத்த கேஸுக்கு உதவாது, மறுபடி முதலிலிருந்து. இந்த ஏற்பாட்டுக்கும் பத்து நிமிடம். ஆக ஒரு கேஸுக்கு இருபது.

பிறகு கருவிகள். இருபது கேஸையும் ஆண்ட்ராய்டில் ஓட்டுகிறார்கள். ஐபோனில் முக்கியமான ஆறு, இணையதளத்தில் ஆறு. மொத்தம் 32 ஓட்டம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்றால் ஏறக்குறைய பதினொரு மணி நேரம்.

டெஸ்டரின் நேரம் எங்கே போகிறது என்பதை இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஜோனதன் பாக், ஜேம்ஸ் பாக் என்ற அமெரிக்க சகோதரர்கள், டெஸ்டர் தன் போக்கில் ஆராய்ந்து சோதிக்கும் வேலையை ஏறக்குறைய 90 நிமிட அமர்வுகளாக வகுத்தார்கள். ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் டெஸ்டர் மூன்று எண்களைக் குறிக்க வேண்டும்: உண்மையில் சோதித்த நேரம், பிழையை ஆராய்ந்து எழுதிய நேரம், ஏற்பாடுகளில் போன நேரம். நாள் முழுவதும் உழைத்த டெஸ்டர் ஏன் ஐந்து கேஸ் மட்டுமே முடித்தார் என்ற கேள்விக்கு அந்த மூன்று எண்களே பதில் சொல்லிவிடும். பிழை கிடைக்கக் கிடைக்க சோதனை நேரம் குறையும்.

நம் குழுவிலும் அப்படித்தான். இதற்கு முன் பணம் சம்பந்தப்பட்ட வசதிகளைச் சோதித்தபோது இருபது கேஸுக்கு ஆறு பிழை என்ற அளவில் வந்திருக்கிறது. ஒரு பிழையை மறுபடி வரவழைத்து, படம் பிடித்து, டெவலப்பருக்குப் புரியும்படி எழுத அரை மணி நேரம். ஆறுக்கு மூன்று மணி நேரம்.

ஒரு பிழையின் பயணம்

மூன்றரை மணி நேரக் கணக்கில் அடியோடு விடுபட்டது ரீடெஸ்ட். பிழை திருத்தப்பட்டு வந்ததும், உண்மையில் திருந்தியதா என்று மறுபடி பார்ப்பது இது. இந்தத் திருத்தத்தால் வேறு எங்காவது ஏதாவது உடைந்ததா என்று பழைய பாதைகளைப் பார்ப்பது ரிக்ரெஷன். இரண்டும் வேறு வேலைகள். இரண்டுக்கும் தனித்தனியே நேரம் வேண்டும்.

ஆறு பிழைகளில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

ஒரு சீட் 650 ரூபாய். நான்கு சீட் 2600. கூப்பனில் 100 ரூபாய் தள்ளுபடி போக பயணி கட்டியது 2500. பஸ் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சீட்டை ரத்து செய்கிறார். ரத்துக் கட்டணம் பத்து சதவீதம். டெஸ்டரின் கணக்கில் கூப்பன் நான்கு சீட்டுக்கும் 25 ரூபாயாகப் பிரிகிறது. அந்த சீட்டுக்கு அவர் உண்மையில் கட்டியது 625. அதில் பத்து சதவீதம் போக 562.50 திரும்ப வேண்டும். ஆப் 585 தருகிறது. கூப்பனை அது மறந்தேவிட்டது. பிழை பதிவாகிறது.

மறுநாள் திருத்தம் வருகிறது. இப்போது திரும்பும் தொகை 485. டெவலப்பர் கூப்பனைக் கழித்திருக்கிறார், ஆனால் நூறு ரூபாயையும் ஒரே சீட்டின் தலையில் கட்டிவிட்டார். பிழை திரும்பப் போகிறது. டெஸ்டர்கள் பேச்சில் இது ரீஓப்பன்.

மூன்றாம் முறை 562.50 சரியாக வருகிறது. இங்கே நிறுத்திவிடுவது அவசரக்காரர் வேலை. அனுபவமுள்ள டெஸ்டர் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவார். நான்குக்குப் பதில் மூன்று சீட் என்றால்? நூறை மூன்றால் வகுத்தால் 33.33. மூன்று சீட்டையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தால் கூப்பன் பங்கு கூடி 99.99 வருகிறது. ஒரு பைசா எங்கே? பயணிக்கு அது பெரிதில்லை. மாத முடிவில் வங்கிக் கணக்கும் ஆப் கணக்கும் பொருந்தாமல் கணக்குப் பிரிவு தலையைப் பிய்த்துக்கொள்ளும். மறுபடி ஒரு பிழை.

திருத்தத்தை மட்டும் சரிபார்க்க அரை மணி நேரம், பக்கத்துக் கதவுகளைத் தட்ட அரை மணி நேரம். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைக்கலாம். ஆறு பிழைக்கு ஆறு சுற்றா? இந்தக் குழுவின் அனுபவத்தில் திருத்தி வந்தவற்றில் நான்கில் ஒன்று திரும்பிப் போகிறது. ஆறில் ஒன்றரை திரும்பும். அந்த ஒன்றரையிலும் நான்கில் ஒரு பங்கு மீண்டும் திரும்பும். கூட்டினால் எட்டுச் சுற்று, எட்டு மணி நேரம்.

இப்போது மொத்தம் போடலாம். யோசிக்க 4, ஓட்ட 11, பிழை எழுத 3, ரீடெஸ்ட் 8. இருபத்தாறு மணி நேரம். கூட்டத்தில் சொன்னது மூன்றரை.

கோடிங் இரண்டு நாள்தானே, டெஸ்டிங் அதைவிட அதிகமா என்று குழுத்தலைவர் புருவம் உயர்த்தலாம். பணக் கணக்கில் ஒரு வரி மாறினால் எழுதுவது ஒருவர், பாதிப்பது எல்லா வழிகளும். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரும் மென்பொருளைத் தயாரித்த பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளிவந்த 'த மிதிக்கல் மேன்-மன்த்' நூலில் தன் பங்கீட்டைச் சொல்லியிருக்கிறார். திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, கோடிங்குக்கு ஆறில் ஒரு பங்கு, மீதி சரிபாதி சோதனைக்கு. அவ்வளவு நேரம் ஒதுக்கிய திட்டங்கள் மிகக் குறைவு என்றும், ஒதுக்காதவையும் கடைசியில் அவ்வளவு நேரத்தைச் செலவழித்தே முடிந்தன என்றும் அவர் எழுதினார். அவர் காலத்துத் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியவை. இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு அந்தப் பங்கீடு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒதுக்காத நேரமும் எப்படியோ செலவாகிவிடும் என்ற அவருடைய கவனிப்பு இங்கும் பொருந்துகிறது.

கையில் எவ்வளவு இருக்கிறது?

செலவு தெரிந்துவிட்டது. இனி வரவு. இரண்டு டெஸ்டர், பத்து வேலை நாள், இருபது நாள். முதல் நாள் திட்டமிடலிலும் கடைசி நாள் காட்டி விளக்குவதிலும் ஆளுக்கு அரை அரை நாள் போய்விடும். ஒருவருக்கு ஒரு நாள் விடுப்பு. மீதி பதினேழு நாள். எட்டு மணி நேர நாளில் மெயில், காலைக் கூட்டம், காபி போக ஆறு மணி நேரம்தான் வேலைக்கு உருப்படியாக வரும். அது 102 மணி நேரம். ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் ஆப்பில் வரும் புகார்களைப் பார்க்கச் சென்ற ஸ்பிரிண்டுகளில் பன்னிரண்டு மணி நேரம் போயிருக்கிறது. கையில் நிற்பது 90.

இதில் ரத்து வசதிக்கு 26. ஏறும் இடத்தை மாற்றும் வசதிக்கு 12, ரசீது வடிவ மாற்றத்துக்கு 6. புதிய வேலைகளுக்கு ஆக 44. ஆட்டோமேஷனில் இல்லாத பழைய பாதைகளைக் கையால் பார்க்கும் ரிக்ரெஷனுக்கு 8.

அடுத்து ஆட்டோமேஷன். கையால் செய்யும் சோதனையைக் கணினியே செய்யும்படி ஸ்கிரிப்ட் எழுதுவது. திட்டமிடும்போது புதிய ஸ்கிரிப்ட் மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படும். பழைய ஸ்கிரிப்டுக்கும் தீனி வேண்டும். இந்த ஸ்பிரிண்டில் ரத்துப் பக்கத்தின் வடிவம் மாறுகிறது. அந்தப் பக்கத்தைத் தொடும் பதினான்கு பழைய ஸ்கிரிப்டுகள் உடையும். அவற்றைச் செப்பனிட ஆறு மணி நேரம். தினமும் இரவு ஓடும் சோதனைகளின் முடிவை மறுநாள் காலை பார்க்க அரை மணி நேரம் வீதம் ஐந்து மணி நேரம்.

காலையில் என்ன அவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது? சிவப்பாக விழுந்த ஒவ்வொரு சோதனையும் உண்மையான பிழையா, அல்லது நெட் மந்தமானதால் விழுந்ததா என்று பிரிக்க வேண்டும். எதுவும் மாறாமலேயே ஒரு நாள் பாஸ், மறுநாள் பெயில் என்று ஊசலாடும் சோதனைகளை ஃப்ளேக்கி என்பார்கள். கூகுள் 2016-இல் வெளியிட்ட தகவலின்படி, அங்கேயே ஓடும் சோதனைகளில் ஏறக்குறைய 1.5 சதவீத ஓட்டங்கள் இப்படி ஊசலாடின. ஏறக்குறைய 16 சதவீதச் சோதனைகளில் ஏதோ ஓர் அளவில் இந்தக் குணம் இருந்தது. காலை அரை மணி நேரத்தை ஒதுக்காத குழுவில் நாளடைவில் யாரும் சிவப்பைப் பார்ப்பதில்லை. "அது எப்பவும் அப்படித்தான் விழும்" என்ற பேச்சு வந்துவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் இருந்தும் இல்லாததுதான்.

44, 8, 6, 5. கூட்டினால் 63. தொண்ணூறில் மீதி 27. எதிர்பாராததற்கு ஒன்பதை ஒதுக்கினால் புதிய ஆட்டோமேஷனுக்குப் பதினெட்டு மணி நேரம்.

பதினெட்டை எங்கே போடுவது?

ஆசை இருபது கேஸையும் ஸ்கிரிப்ட் ஆக்கச் சொல்லும். கணக்கு வேறு சொல்லும்.

ஆப்பின் திரையைத் தொட்டுத் தொட்டு நகரும் ஒரு ஸ்கிரிப்டை எழுத நான்கு மணி நேரம். அதையே கையால் செய்ய இருபது நிமிடம். பன்னிரண்டு முறை கையால் செய்யும் நேரம் இதில் முதலீடு. ஸ்பிரிண்டுக்கு ஒருமுறை கையால் செய்திருப்போம் என்று வைத்தால், செப்பனிடப் போகும் பத்து நிமிடத்தைக் கழித்து ஸ்பிரிண்டுக்கு மிச்சமாவது பத்தே நிமிடம். போட்ட நான்கு மணி நேரம் திரும்பி வர 24 ஸ்பிரிண்ட் ஆகும். ஏறக்குறைய ஓர் ஆண்டு.

"ஆனா தினமும் நைட் ஓடுதே, ஒரு மாசத்துல முப்பது தடவை லாபம் ஆச்சே" என்று சிலர் சொல்வார்கள். தினமும் இரவு யாரும் கையால் செய்திருக்கப் போவதில்லை. செய்யாத வேலையை மிச்சம் என்று எழுத முடியாது. தினமும் ஓடுவதால் கிடைப்பது வேறு: உடைந்தது மறுநாளே தெரியும். அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லலாம், மணிக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

திரைக்குப் பின்னால் சர்வரில் நடக்கும் தொகைக் கணக்கை நேரடியாகக் கேட்கும் ஸ்கிரிப்டின் கதை வேறு. ஒரே ஸ்கிரிப்ட், கீழே அட்டவணை, ஒரு வரிசை ஒரு கேஸ்.

```python
@pytest.mark.parametrize("seats, cancel, hours_left, coupon, refund", [
    (4, 1, 48, 0,   "585.00"),
    (4, 1, 48, 100, "562.50"),
    (4, 1, 18, 100, "468.75"),
    (4, 1, 6,  100, "312.50"),
])
def test_refund(seats, cancel, hours_left, coupon, refund):
    assert refund_for(seats, cancel, hours_left, coupon) == Decimal(refund)
```

இரண்டாவது வரிசைதான் மேலே பார்த்த கூப்பன் பிழை. மூன்றாவதில் கட்டணம் 25 சதவீதம், நான்காவதில் 50. ஜோடி முறையின் ஒன்பதும் விளிம்புகளின் ஆறும் சேர்ந்து பதினைந்து வரிசைகளையும் ஏற்ற எட்டு மணி நேரம் ஆகும். கையால் அந்தப் பதினைந்தை ஒருமுறை ஓட்டவே ஐந்து மணி நேரம். இரண்டாவது முறையிலேயே போட்டது திரும்பிவிடுகிறது.

பதினெட்டும் இப்போது தானாகப் பிரிகிறது. அட்டவணை ஸ்கிரிப்டுக்கு எட்டு. திரையைத் தொடும் ஸ்கிரிப்ட் இரண்டே இரண்டு, தலா நான்கு என்று எட்டு: ஒரு சீட் ரத்து, எல்லா சீட்டும் ரத்து. இன்னொருவர் சரிபார்க்க இரண்டு. ஐபோனில் விசைப்பலகை மேலெழும்பி ரத்துப் பொத்தானை மறைப்பதை அட்டவணை ஸ்கிரிப்ட் பார்க்காது. திரை ஸ்கிரிப்டும் பெரும்பாலும் கவனிக்காது. முதல் முறை வரும் வசதியைக் கண்ணால் பார்க்கும் பதினொரு மணி நேரம் அதனால் அப்படியே நிற்கிறது. அடுத்த ஸ்பிரிண்டில் அது சுருங்கும்.

மணி நேரம் இருந்தும் நாள் இல்லை

காகிதத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. செலவு 81, கைவசம் 9, மொத்தம் 90. இருந்தும் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி வரத்தான் போகிறது, இன்னொரு கேள்வியைக் கேட்காவிட்டால்: ரத்து வசதியின் பில்ட் டெஸ்டர் கைக்கு எத்தனையாவது நாள் வரும்?

எட்டு மணி நேர ரீடெஸ்டை ஒரே நாளில் செய்துவிட முடியாது. பிழை எழுத வேண்டும், டெவலப்பர் திருத்த வேண்டும், புதிய பில்ட் தயாராகி சோதனை சர்வரில் ஏற வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். ஒரு சுற்று நடக்க நடைமுறையில் ஒரு நாள் ஆகும். கூப்பன் பிழை மூன்று முறை வந்து போனது. அதற்கு மூன்று நாள். டெஸ்டரின் உழைப்பு அதில் மூன்று மணி நேரம்தான், காத்திருப்பு மீதி. மணி நேரத்தை மட்டும் கூட்டும் எஸ்டிமேஷன் இந்தக் காத்திருப்பைப் பார்க்காது.

பின்னாலிருந்து எண்ணினால் விடை கிடைக்கும். பத்தாம் நாள் காட்ட வேண்டும். ஒன்பதாம் நாள் ரிக்ரெஷனும் கடைசிச் சுற்று ரீடெஸ்டும். எட்டு, ஏழு இரண்டும் முந்தைய சுற்றுகள். ஐந்தும் ஆறும் பதினொரு மணி நேர ஓட்டம். ஆகவே ஐந்தாம் நாள் காலை பில்ட் வந்தாக வேண்டும். முதல் நான்கு நாளில் டெஸ்டர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கேஸ் எழுதுவது, பதினான்கு பழைய ஸ்கிரிப்டைச் செப்பனிடுவது, அட்டவணை ஸ்கிரிப்ட் எல்லாம் அப்போதுதான். தொகைக் கணக்கை எப்படிக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்று டெவலப்பரும் டெஸ்டரும் முதல் நாளே ஒத்துக்கொண்டால் பில்ட் வருவதற்கு முன்பே அட்டவணை தயாராகிவிடும். பில்ட் வந்த காலையே ஓட்டினால் கூப்பன் பிழை பத்தாவது நிமிடத்தில் அகப்பட்டுவிடும். திரை ஸ்கிரிப்டுகள் இரண்டும் ஏழாம் நாளுக்குப் பிறகு, பக்கம் நிலையான பின்.

பில்ட் எட்டாம் நாள்தான் வந்தது என்றால்? வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். திரை ஸ்கிரிப்டை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிவிட்டு எட்டு மணி நேரம் மிச்சப்படுத்துவார்கள். மணி நேரம் மிச்சமாகும், நாள் மிச்சமாகாது. எட்டாம் நாள் கண்ட பிழை இரண்டாவது முறை திரும்பினால் அதற்கு நாளே இல்லை. அப்போது ரிக்ரெஷனைச் சத்தமில்லாமல் வெட்டுவார்கள். அடுத்த வாரம் பயணிகள் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

நேர்மையான வழிகள் இரண்டுதான். ஐந்தாம் நாள் மாலை பில்ட் வரவில்லை என்றால் அன்றே எழுந்து சொல்வது. ரத்து வசதியை இந்த ஸ்பிரிண்டிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற இரண்டு வேலைகளை முழுதாக முடிப்பது. அல்லது வசதியைச் சுருக்குவது: கூப்பன் போட்ட டிக்கெட்டுக்குப் பகுதி ரத்து இப்போதைக்கு இல்லை என்று மூடி வைத்தால் ஜோடிகள் குறையும், பிழை வரும் பெரிய வாசலும் அடைபடும். இரண்டையும் முடிவு செய்ய வேண்டியவர் டெஸ்டர் அல்ல. முடிவு செய்பவருக்கு ஐந்தாம் நாளே எண்ணைக் கொடுக்க வேண்டியவர் டெஸ்டர்.

நான்கில் ஒன்று என்று யார் சொன்னது?

இந்தக் கணக்கில் எளிதில் ஆடக்கூடிய கால் ஒன்று உண்டு: "நான்கில் ஒன்று திரும்பும்", "இருபதுக்கு ஆறு பிழை" என்ற இரண்டு எண்கள். அவை இந்தக் கற்பனைக் குழுவின் எண்கள். வேறு குழுவில் பத்தில் ஒன்று திரும்பலாம். மூன்றில் ஒன்றும் திரும்பலாம். அடுத்த வீட்டு எண்ணை வாங்கிப் போட்டால் கணக்கு அழகாக இருக்கும், பலிக்காது.

சொந்த எண்ணை எடுப்பது கடினமில்லை. ஜிராவில் பிழைகளைப் பதிவு செய்யும் குழு, கடந்த ஆறு வாரத்தில் எத்தனை பிழை திரும்பிப் போனது என்று ஒரு வரியில் கேட்டுவிடலாம்:

```
issuetype = Bug AND status CHANGED TO "Reopened" AFTER -6w
```

"Reopened" என்ற இடத்தில் அந்தக் குழு வைத்திருக்கும் நிலையின் பெயரைப் போட வேண்டும். வரும் எண்ணை அதே ஆறு வாரத்தில் திருத்தி வந்த பிழைகளின் எண்ணால் வகுத்தால் விகிதம். ஒரே பிழை இரண்டு முறை திரும்பியிருந்தாலும் இந்தக் கேள்வி அதை ஒன்றாகவே எண்ணும். அதனால் உண்மை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பணம் சம்பந்தப்பட்டவற்றையும் வெறும் வடிவ மாற்றங்களையும் தனித்தனியே எடுப்பது நல்லது. ரசீது வடிவத்தில் ஒரு பிழை ஒரே சுற்றில் முடியும். பணக் கணக்கு முடியாது.

நம் குழுவுக்குத் திரும்புவோம். இந்த முறை டெஸ்டர் கூட்டத்தில் இருபத்தாறு என்று சொல்லி, நான்கு எண்களாகப் பிரித்தும் காட்டினார். குழுத்தலைவர் ரீடெஸ்ட் எட்டைப் பார்த்து, "அதை நாலா குறைக்க முடியாதா?" என்றார். "திரும்பி வர்ற பக்கை நிறுத்துனா குறையும் சார்," என்றார் டெஸ்டர். டெவலப்பர்களில் ஒருவர், பில்ட் கொடுப்பதற்கு முன் அட்டவணை ஸ்கிரிப்டைத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஸ்பிரிண்ட் முடிந்தபோது ஆறு பிழைக்குப் பதில் ஏழு வந்திருந்தது. திரும்பியது ஒன்றே ஒன்று. ரீடெஸ்டுக்கு எட்டு மணி நேரமே ஆனது. கேஸ் ஏற்பாட்டுக்குத்தான் எண் தப்பியது: சோதனை பேமென்ட் கேட்வே இரண்டு நாள் மதியம் படுத்துவிட்டதால் பதினொரு மணி நேர ஓட்டம் பதினான்கு ஆனது. கைவசம் வைத்த ஒன்பதிலிருந்து மூன்று போயிற்று. அடுத்த திட்டமிடலுக்கான தாளில் டெஸ்டர் ரீடெஸ்டை அப்படியே விட்டுவிட்டு, ஏற்பாட்டு நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து பதினைந்தாக மாற்றி எழுதினார்.